தன் சிறுகதையைத் திரைக்கதையாக்கல்: வெட்டலும் காட்டலும் வினையாக்கலும் – ‘அளவு நோட்டு’ என்னும் கதையை முன்வைத்து

ஒருவர் தம் சிறுகதையைத் தாமே திரைக்கதையாக்கும்போது எழும் சிக்கல், பிறர் கதையை எடுத்துக்கொள்பவருக்கு எழுவதன்று. பிறர் கதையை எடுப்பவருக்குப் பக்கத்தில் உள்ளது மட்டுமே மூலம். ஆசிரியருக்கோ எழுதியவற்றோடு எழுதாமல் விட்டவையும் நினைவில் நிற்கின்றன. அதனால் வாசகரைச் சென்றடைந்தது எது, தம் மனத்தில் மட்டும் இருப்பது எது என்று பிரித்தறிவது அவருக்குக் கடினமாகிறது. இக்கட்டுரை என் சிறுகதை ஒன்று திரைக்கதையான முறையை எடுத்துக்கொண்டு அச்சிக்கலை விளக்குகிறது. சொந்தப் படைப்பே ஆய்வுப்பொருள் ஆகையால் தன்மை ஒருமையைத் தவிர்க்கவில்லை.

முன்னோர் தடம் இல்லாமல் இல்லை. ஜெயகாந்தன் தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தாமே 1965-இல் படமாக்கினார். மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் ‘பள்ளிவாளும் கால்சிலம்பும்’ என்னும் தம் சிறுகதையிலிருந்து ‘நிர்மால்யம்’ (1973) படத்தை எழுதி இயக்கினார். இரண்டாவது சான்று இங்கு நேரடியாகப் பயன்படுகிறது. கதையில் வறுமையுற்ற வெளிச்சப்பாடு தன் வாளையும் சிலம்பையும் விற்றுவிடுகிறான். படத்தின் முடிவிலோ அவன் அதே வாளால் தன் நெற்றியை வெட்டிக்கொண்டு, வழியும் குருதியைத் தேவியின் முகத்தில் உமிழ்கிறான். பொருள் ஒன்றே, கைவிடப்பட்டவனின் கோபமும் ஒன்றே. ஆனால் கதையில் விற்பனை என்னும் அடங்கிய செயலுக்குள் வாசகர் உணர்ந்துகொண்ட கோபம், திரையில் வேறொரு செயலைக் கோரியிருக்கிறது. ஆசிரியரே தழுவுபவராக இருந்ததால்தான் இவ்வளவு பெரிய மாற்றம் துரோகமாகாமல் போயிற்று என்பது என் கருத்து.

கதை

‘அளவு நோட்டு’ ஏறத்தாழ 2,300 சொற்கள் கொண்ட கதை. கோவில்பட்டியில் மாடிப்படிக்குக் கீழ் ஒடுங்கிய தையற்கடை. தையற்காரர் இறந்த பின் கடையைக் காலிசெய்ய மகன் செந்தில் சென்னையிலிருந்து வருகிறான். வாடிக்கையாளர்களின் அளவுகளை அப்பா எழுதிவைத்த நோட்டு கிடைக்கிறது. அதில் அவனுக்கும் பக்கங்கள் உண்டு. ஒவ்வொரு தீபாவளிக்கும் நீளம், தோள், மார்பு, கை, கழுத்து என ஐந்து எண்கள். ஓரத்தில் அவ்வாண்டுத் துணியின் சிறு துண்டு குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும். கடைசி மூன்று ஆண்டுகளின் எண்கள் மட்டும் மாறாமல் ஒன்றாகவே இருக்கின்றன. அவன் ஊருக்கே வராத ஆண்டுகள் அவை. அப்பா பழைய அளவைப் பார்த்துத் தைத்து அனுப்பியிருக்கிறார். ‘அவர் என்னைப் பார்க்காமல் தைத்தார், நான் போடாமல் வைத்திருந்தேன்’ என்று அவன் நினைப்பதோடு கதை முடிகிறது.

முதல் வரைவில் நான் செய்தது, கதையைக் காட்சிகளாக வெட்டி, இடையிடையே செந்திலின் பின்னணிக் குரலை வைத்ததுதான். ஒன்பது இடங்களில் குரல் வந்தது. ஒவ்வொன்றும் கதையில் நான் விரும்பிய வாக்கியம். வரைவு சரியில்லை என்பதைக் கண்டுகொள்ள ஓர் எளிய சோதனை உதவியது. குரல் வரும் பகுதிகளைத் தாளால் மறைத்துவிட்டு எஞ்சியதை, கதையைப் படித்திராத நண்பர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒருவன் கடைக்குள் நடக்கிறான், நோட்டைப் பார்க்கிறான், அழுகிறான் என்பதைத் தவிர அவருக்கு எதுவும் விளங்கவில்லை. காட்சிகள் குரலுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தனவே அன்றி, தாமாக எதையும் சொல்லவில்லை.

‘தைப்பார்’ என்னும் வினை

எங்கே பிழைத்தது என்று கதையைத் திரும்பப் படித்தபோது தடை மொழியிலேயே இருப்பது தெரிந்தது. அதன் முதற்பாதி முழுவதும் ‘அப்பா தைப்பார்’, ‘முதுகில் கைவைத்துப் பார்ப்பார்’, ‘அம்மா திண்ணையில் காத்திருப்பாள்’ என்றே நடக்கிறது. தமிழில் எதிர்கால வினைமுற்று வழக்கமாக நிகழ்ந்ததையும் குறிக்கும். பதினைந்து தீபாவளிகளை ஒரு ‘தைப்பார்’ தாங்கிக்கொள்கிறது. ஒளிப்படக்கருவியால் பதினைந்தைச் சேர்த்து ஒன்றாக எடுக்க இயலாது. அதற்கு முன் நிற்பது ஏதேனும் ஒரு தீபாவளி, ஒரு சட்டை, ஒரு விளக்கு வெளிச்சம். திரைக்கதை நிகழ்காலத்தில் எழுதப்படுவது வெறும் மரபன்று. இவ்வரம்பை எழுதுபவருக்கு ஓயாமல் நினைவூட்டும் ஏற்பாடு அது. ‘தைப்பார்’ என்பதைத் ‘தைக்கிறார்’ என்று மாற்றி எழுத முயன்றவுடன், எந்த நாளில் என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

பலர் இங்கே துண்டுக்காட்சிகளின் தொகுப்பை நாடுகிறார்கள்: ஐந்து வயதில், பத்து வயதில், பதினைந்து வயதில் என்று அடுக்குவது. குறும்படத்துக்கு அது மூன்று சிறுவர் நடிகர்களைக் கேட்கும்; அதைவிட, வளர்ச்சியைக் காட்டுமே தவிர வழக்கத்தைக் காட்டாது. நான் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தேன்: செந்தில் வேலைக்குச் சென்னை புறப்படும் இரவு. நடிகர் மாறத் தேவையில்லை. காட்சி இப்படி அமைந்தது:

உள் – தையற்கடை – இரவு

செந்தில் தோளில் பையுடன் வாசலில் நிற்கிறான். அப்பா தையல் எந்திரத்தை விட்டு எழுகிறார்.

அப்பா: பஸ்ஸுக்கு நேரம் இருக்கா?

செந்தில் பையை இறக்கி வைத்துவிட்டு, அவர் கேட்காமலே முதுகைத் திருப்பி நிற்கிறான். அப்பா அவன் தோளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாண் வைக்கிறார். கழுத்தில் தொங்கும் நாடாவை அவர் தொடவில்லை. நோட்டில் எழுதுகிறார்: தோள் 16½.

பதினைந்து ஆண்டுகளையும் இங்கே சுமப்பது ‘கேட்காமலே முதுகைத் திருப்பி நிற்கிறான்’ என்னும் ஒரு செயல். இது பலமுறை நடந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பழகிய உடம்பு அதைச் சொல்லிவிடுகிறது. கடந்துபோன ஆண்டுகளின் எண்ணிக்கையை நோட்டில் குத்தப்பட்ட துணித்துண்டுகள் பார்த்துக்கொள்கின்றன. கதையில் அத்துண்டுகளுக்கு அரை வரிதான் இடம். பக்கங்களைப் புரட்டும்போது கோடு, கட்டம், வெளிர்நீலம் என்று அவை மாறுவதைக் கண்ட பிறகு தீபாவளி பற்றிய நான்கு பத்திகளை வெட்ட எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. கடைக்காரருடனான முன்பணத் தகராறும் போயிற்று. கதையில் அது உலகியல் சூழலைத் தந்தது. திரையில் தனியொரு கதையாகக் கிளைத்தது.

சொல்லுக்கு எதிரான கை

கதையில் ஒரு வரி: ‘சட்டை பொருந்தியதா என்று கேட்டார்; பொருந்தியது என்றேன்.’ அயற்கூற்றாக இருப்பதே அதன் அழகு. இருவரும் ஒருவரையொருவர் நெருங்காத தொலைவு அவ்வடிவத்திலேயே இருக்கிறது. நேர்கூற்றாக்கினால் அத்தொலைவு போய்விடும் என்று அஞ்சி முதல் வரைவில் அதை நீக்கியிருந்தேன். மூன்றாம் வரைவில் அது திரும்பி வந்தது. சென்னை அறையில் கூரியர் உறை கிழிக்கப்பட்டுக் கிடக்கிறது. சட்டை ஊசி எடுக்கப்படாமல் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. தொலைபேசியில் அப்பா, ‘தோளு பிடிக்கலையேப்பா?’ என்கிறார். ‘சரியா இருக்குப்பா’ என்று சொல்லிக்கொண்டே செந்தில் மடிப்போடு அதைப் பெட்டிக்கு அடியில் தள்ளுகிறான். பேச்சு ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்கிறது. அயற்கூற்று ஏற்படுத்திய தொலைவுக்கு இந்த முரண் ஈடாயிற்று. உரையாடலைத் திரைக்கதையில் வைப்பதா வேண்டாமா என்பதற்கு இதையே அளவுகோலாகக் கொள்கிறேன்: பேசும்போது அவர் செய்வது பேச்சையே திரும்பச் சொன்னால், இரண்டில் ஒன்று மிகை.

முடிவு

கடைசி வாக்கியம்தான் நெடுநாள் தொல்லை தந்தது. குற்றவுணர்வு ஒரு நினைப்பு. நோட்டைப் பார்த்து அழுவது அதன் அறிகுறி, செயல் ஆகாது. அழுகையை எழுதிவிட்டுத் திரைக்கதையாக்கிவிட்டதாக எண்ணுவது இத்தகைய தழுவல்களில் நான் மிகுதியும் காணும் பிழை. பாத்திரம் எதையேனும் அடைய முயல வேண்டும். அம்முயற்சிக்குத் தடை வேண்டும்.

வழி கிடைத்தது கதையிலிருந்து அன்று, அளவு நாடாவிலிருந்து. ஒரே எண் மூன்று முறை வருவதைக் கண்ட செந்தில் என்ன செய்வான் என்று யோசித்தபடி, வீட்டில் நாடாவை எடுத்து என் தோளை அளக்க முயன்றேன். முடியவில்லை. மார்பைத் தானே அளக்கலாம். கையைக்கூட ஒருவாறு அளக்கலாம். முதுகுப்புறத் தோளை அளக்க இன்னொருவர் வேண்டும். தழுவலுக்குத் தேவையான தடை அப்பொருளின் இயல்பிலேயே இருந்தது.

ஆகவே இறுதிக் காட்சியில் செந்தில் அப்பாவின் நாடாவைத் தோளில் போட்டு அளக்க முயல்கிறான். அது நழுவுகிறது. மீண்டும் முயல்கிறான். தம்ளரை எடுத்துச்செல்ல வந்த பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம், ‘அண்ணாச்சி, இதக் கொஞ்சம் பிடிங்க’ என்று முதுகைத் திருப்பி நிற்கிறான். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நாடாவைப் பழக்கமில்லாமல் பிடித்து, ‘பதினேழரை’ என்று படிக்கிறார். செந்தில் 16½, 16½, 16½ என்ற வரிசைக்குக் கீழே அந்த எண்ணை எழுதுகிறான். அவர் தம்ளரோடு போய்விடுகிறார். ஒரு வாக்கியமும் தேவைப்படவில்லை. முதற்காட்சியில் திரும்பி நின்ற முதுகு இங்கே வேறொருவர் முன் திரும்பி நிற்பதால், ‘இனி அளக்க அப்பா இல்லை’ என்பதை யாரும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இழப்பும் உண்டு. கதையில் செந்தில் வாசகரிடமே பொய் சொல்கிறான். சட்டை இறுக்கமாக இருந்ததால் போடவில்லை என்று தொடக்கத்தில் கூறுகிறான். அதை அவன் உடுத்திப் பார்க்கவே இல்லை என்பது கடைசிப் பக்கத்தில்தான் வெளிப்படுகிறது. தன்மைக் கூற்றின் இந்த ஏமாற்று, மடிப்புக் கலையாத சட்டையைக் காட்டிய கணத்திலேயே திரையில் உடைந்துவிடுகிறது. அக்காட்சியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். அப்போது தொலைபேசிப் பேச்சு கடையில் அவன் கொள்ளும் நினைவாக மாறி, பின்னணிக் குரலுக்கே மீண்டும் கதவைத் திறந்தது. ஒன்பது பக்கங்களில் முடிந்த மூன்றாம் வரைவில், பொய்யை விட்டுவிட்டுச் சட்டையை வைத்துக்கொண்டேன்.