எந்தச் சொல்லில் குறுக்கிடணும்?

நம்ம குறும்பட ஸ்கிரிப்ட்களில் ரெண்டு பேர் சண்டை போடுற சீன் வந்தா, வசனத்துக்கு முன்னாடி ‘குறுக்கிட்டு’ என்று ஒரு வார்த்தை போட்டிருப்பாங்க. யார் குறுக்கிடுறாங்க என்பது அதில் தெரியும். எந்த இடத்தில் குறுக்கிடணும், அதுக்கப்புறம் முதல் ஆள் நிறுத்தணுமா இல்ல பேசிக்கிட்டே போகணுமா என்பது தெரியாது. அதனால் நடிகர்கள் ஒருத்தர் முடிக்கிற வரை இன்னொருத்தர் மரியாதையா காத்திருப்பாங்க. சண்டை பட்டிமன்றம் ஆகிடும்.

இதுக்கு மூணு குறிகள் போதும். ஒரே வசனத்தை வச்சு மூணையும் பார்க்கலாம்.

முதலாவது, பேச்சு அறுபடுவது. இதுக்கு வரியின் கடைசியில் நீளமான கோடு.

கார்த்தி: நான் ரிப்போர்ட்ட நேத்தே சாருக்கு—
திவ்யா: யாரக் கேட்டு அனுப்புன?

இங்கே கார்த்தி நிறுத்திடுறான். அனுப்பினானா இல்லையா என்பது ஆடியன்ஸுக்கும் தெரியாது. (மூணு புள்ளி வேற விஷயம். அது பேசுறவர் தானாகவே இழுத்து நிறுத்துவதைக் காட்டும். இரண்டையும் கலந்து போட்டா நடிகர் குழம்பிடுவார்.)

இரண்டாவது, முதல் ஆள் நிறுத்தாமல் பேசும்போதே அடுத்தவர் ஆரம்பிப்பது. இதுக்குச் சாய்கோடு. பிரிட்டிஷ் நாடக ஆசிரியர் கேரில் சர்ச்சில், 1982-ல் மேடையேறிய ‘டாப் கேர்ள்ஸ்’ நாடகத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கார். அதன் முதல் காட்சியில் ஆறு பெண்கள் சாப்பிட்டுக்கிட்டே ஒருத்தர் மேல ஒருத்தர் பேசுவாங்க. சாய்கோடு இருக்கிற இடத்தில் அடுத்த வசனம் தொடங்கணும் என்பதுதான் விதி.

கார்த்தி: நான் ரிப்போர்ட்ட நேத்தே சாருக்கு / அனுப்பல, ரீடிங் தப்பா இருந்துச்சு.
திவ்யா: யாரக் கேட்டு அனுப்புன?

இப்போ கார்த்தி முழுசா பேசுறான், ஆனா ‘அனுப்பல’ திவ்யாவின் குரலுக்கு அடியில் போயிடுது. தமிழில் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். ஆமாவா இல்லையா என்பதைச் சொல்ற வினை, நம்ம வாக்கியத்தில் பெரும்பாலும் கடைசியில் வரும். குறுக்கீடும் அங்கேதான் வரும். ஆடியன்ஸுக்கு உண்மை தெரியணும், திவ்யா மட்டும் அவசரத்தில் தப்பா புரிஞ்சுக்கணும் என்றால், சாய்கோட்டை ‘அனுப்பல’வுக்குப் பின்னாடி தள்ளுங்க. ஒரு சொல் நகர்ந்ததும் சீனே மாறிடும்.

மூணாவது, ரெண்டு பேரும் ஒரே நொடியில் ஆரம்பிப்பது. இதை ரெண்டு பத்தியா பக்கத்துல பக்கத்துல அச்சிடுவாங்க. ஃபவுண்டன் வடிவத்தில் எழுதினா, இரண்டாவது பெயருக்குப் பின்னாடி `^` போட்டாலே போதும். அந்த வடிவம் பெரிய எழுத்தில் இருக்கிற வரியைத்தான் பாத்திரப் பெயர்னு எடுத்துக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, அதனால் பெயருக்கு முன்னாடி `@` போடணும்.

```
@கார்த்தி
நான் அனுப்பல!

@திவ்யா ^
நீ அனுப்பிட்ட!
```

இந்த முறையைச் சின்ன வசனங்களுக்கு மட்டும் வச்சுக்கோங்க. நாலஞ்சு வரி பக்கத்துல பக்கத்துல ஓடினா, எந்தச் சொல் எதன் மேல விழணும்னு யாருக்கும் புரியாது.

கோடு போட்ட வரியில் இன்னொரு சிக்கல் இருக்கு. ‘சாருக்கு—’ என்று மட்டும் எழுதினா, நடிகர் அந்தச் சொல்லோட நின்னுடுவார். எதிராளி அரை நொடி தாமதிச்சாலும் நடுவில் ஒரு ஓட்டை விழும். அதனால் மிச்ச வாக்கியத்தையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக் கொடுங்க: ‘சாருக்கு— (அனுப்பல, ரீடிங் தப்பா இருந்துச்சு)’. நிறுத்துற வரை அவர் பேசிக்கிட்டே போவார். வெட்டு நிஜமா கேட்கும்.

இனி எடிட்டர் பக்கம். கார்த்தியோட க்ளோசப் எடுக்கும்போது திவ்யா கேமராவுக்கு வெளியே இருந்து மேல பேசினா, அவ குரலும் அவன் மைக்கில் பதிவாகும். அப்புறம் அந்த டேக்கில் இருக்கிற கார்த்தியை, வேறொரு டேக்கில் இருக்கிற திவ்யாவோட சேர்க்க முடியாது. பழைய குரல் அடியில் பேயாட்டம் கேட்கும். அதனால் ரெண்டு பேரும் தெரியுற வைட் ஷாட்டில் ஸ்கிரிப்ட்ல உள்ளபடியே மேல விழுந்து பேச விடுங்க. க்ளோசப்பில் நடுவில் சின்ன இடைவெளி விட்டுப் பேசச் சொல்லுங்க. எடிட்டர் ரெண்டு குரலையும் தனித்தனி ட்ராக்கில் வச்சு, சாய்கோடு இருக்கிற சொல்லில் இரண்டாவது க்ளிப்பைத் தொடங்குவார். அவருக்கு அந்தக் கோடுதான் கட் பாயின்ட்.

ஷூட்டுக்கு முன்னாடி ஒரு சோதனை: ரெண்டு பேரை உட்கார வச்சு சீனை வாசிக்கச் சொல்லி, போனில் பதிவு பண்ணுங்க. கதை தெரியாத ஒருத்தருக்கு ஒரு தடவை மட்டும் போட்டுக் காட்டி, “கார்த்தி ரிப்போர்ட் அனுப்பினானா?” என்று கேளுங்க. நீங்க நினைச்ச பதில் வரலைன்னா நடிகரைத் திட்ட வேண்டாம். சாய்கோட்டை ஒரு சொல் நகர்த்திட்டு மறுபடி வாசிக்கச் சொல்லுங்க.