‘ஹார்ஸ்’னு இருப்பதை ‘போனி’னு படிச்சா சரியா? குழந்தைகளின் வாசிப்பைச் சுற்றி நடக்கும் பெரிய சண்டை

ஆறு வயதுக் குழந்தை ஆங்கிலப் படக்கதை ஒன்றைப் படிக்கிறது. பக்கத்தில் ஒரு குதிரைப் படம், அதற்குக் கீழே ‘ஹார்ஸ்’ என்ற சொல். குழந்தை படத்தைப் பார்க்கிறது, ஒரு நொடி யோசிக்கிறது, ‘போனி’ என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் திருத்துவீர்களா, விட்டுவிடுவீர்களா?

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் இதற்குச் சொல்லும் பதிலை வைத்துத்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கல்வியாளர்கள் பல ஆண்டுகளாக இரண்டு அணியாக நிற்கிறார்கள். ‘விட்டுவிடலாம், அர்த்தம் புரிந்துவிட்டதே’ என்பது ‘ஹோல் லாங்குவேஜ்’ அணி. ‘நிறுத்தி, எழுத்துகளைப் பார்க்கச் சொல்லுங்கள்’ என்பது ‘ஃபோனிக்ஸ்’ அணி.

முதல் அணியின் முக்கியமான முகம் அமெரிக்கப் பேராசிரியர் கென் குட்மன். வாசிப்பு என்பது ஒருவகை ஊக விளையாட்டு என்று 1967-ல் எழுதினார். அவர் பார்வையில், நன்றாகப் படிப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்ப்பதில்லை. கதை எங்கே போகிறது, வாக்கியத்தில் அடுத்து எந்த மாதிரிச் சொல் வரும் என்று ஊகித்து, அதைச் சரிபார்க்க மட்டும் எழுத்துகளைத் தொட்டுக்கொள்கிறார். அதனால் நல்ல கதைகளைக் கொடுத்தால் போதும், பேச்சு வந்தது போலவே படிப்பும் வந்துவிடும் என்று அந்த அணி நம்பியது.

குட்மன் இதற்கு ஓர் ஆதாரமும் வைத்திருந்தார். குழந்தைகளிடம் சொற்களை முதலில் பட்டியலாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பிறகு அதே சொற்கள் வரும் கதையைக் கொடுத்தார். பட்டியலில் தடுமாறிய பல சொற்களைக் கதையில் சரியாகப் படித்துவிட்டார்கள். ஆக, கதைச்சூழல்தான் கைகொடுக்கிறது என்றார்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? கதை இரண்டாவதாக வந்தது. அதற்குள் அந்தச் சொற்களைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள். நியூசிலாந்து ஆய்வாளர் டாம் நிக்கல்சன் 1991-ல் இதே சோதனையைத் தலைகீழாகச் செய்தார்: முதலில் கதை, பிறகு பட்டியல். இந்த முறை, நன்றாகப் படிக்கும் மூத்த பிள்ளைகளுக்குக் கதையால் பெரிய லாபம் இல்லை. கதைச்சூழலைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் சிறு பிள்ளைகளும் வாசிப்பில் பின்தங்கியவர்களும்தான். குட்மன் திறமை என்று நினைத்தது, உண்மையில் தடுமாறுகிறவர்களின் ஊன்றுகோலாக இருந்தது.

சரி, ஊகித்தால்தான் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் லின்னியா ஏரி என்ற உளவியலாளரின் ஆய்வுகள் உதவுகின்றன. ஒரு சொல்லின் எழுத்துகளை ஒலிகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தி, கூட்டி, உச்சரிக்கும்போது அந்த வடிவம் மனதில் ஒட்டிக்கொள்கிறது. சிலமுறை இப்படிப் படித்துவிட்டால், அப்புறம் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே தெரியும். நீங்கள் இந்த வரியைப் படிக்கும் வேகத்துக்கும் அதுதான் காரணம். ஊகிக்கும் குழந்தையின் கண் சொல்லை விட்டுப் படத்துக்குப் போய்விடுகிறது. பதில் சரியாகவே இருந்தாலும் சொல் மனதில் ஒட்டாது. ஒன்றாம் வகுப்பில் இது தெரியாது. மூன்றாம், நான்காம் வகுப்பில் படங்கள் குறைந்து, புதுச் சொற்கள் குவியும்போதுதான் வண்டி நின்றுபோகும்.

அப்போ ஃபோனிக்ஸ் வகுப்பில் என்ன நடக்கிறது? ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ 44 வாக்கில். ஒரு எழுத்து ஒரு ஒலி என்ற கணக்கு அங்கே கிடையாது. அதனால் திட்டமிட்ட வரிசையில் கற்றுத்தருகிறார்கள். பல பாடத்திட்டங்களில் முதல் ஆறு எழுத்துகள் எஸ், ஏ, டி, பி, ஐ, என். இந்த ஆறைக்கொண்டே ‘சிட்’, ‘டிப்’, ‘பின்’, ‘ஸ்பின்’ என்று முதல் சில வாரங்களிலேயே சொற்களைக் கூட்டிப் படிக்க முடியும் என்பதால்தான் ஏ, பி, சி என்ற அகரவரிசையை ஓரம்கட்டினார்கள். குழந்தை கையில் கொடுக்கும் புத்தகத்திலும் அதுவரை கற்ற ஒலிகளே பெரும்பாலும் இருக்கும். விதிக்கு அடங்காத ‘செட்’ (எஸ், ஏ, ஐ, டி) போன்ற சொற்களையும் மொத்தமாக மனப்பாடம் செய்யவைப்பதில்லை. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன, நடுவில் இருக்கும் இரண்டை மட்டும் நினைவில் வை என்கிறார்கள்.

குழந்தை ஊகிக்கிறதா, உண்மையில் படிக்கிறதா என்று கண்டுபிடிக்க இங்கிலாந்து 2012-ல் ஒரு தேர்வையே கொண்டுவந்தது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 40 சொற்களைப் படிக்க வேண்டும். அதில் 20 அர்த்தமே இல்லாத பொய்ச்சொற்கள்! ஊகிக்க அங்கே வழியில்லை. முதல் ஆண்டில் 58 சதவிகிதம் பேர் எதிர்பார்த்த அளவை எட்டினார்கள். 2019-ல் அது 82 சதவிகிதம்.

ஃபோனிக்ஸ் ஜெயித்துவிட்டது, அவ்ளோதானா என்றால், இல்லை. ஆசிரியர்கள் அந்தத் தேர்வுக்கென்றே பயிற்சி கொடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஸ்டீபன் மேச்சினும் சக ஆய்வாளர்களும் 2018-ல் வெளியிட்ட முடிவு. ஃபோனிக்ஸுக்கு மாறிய பள்ளிகளின் பிள்ளைகள் ஐந்திலும் ஏழிலும் முன்னால் இருந்தார்கள். பதினொரு வயதில், சராசரியாகப் பார்த்தால் அந்த முன்னிலை கரைந்துபோயிருந்தது. கரையாமல் நின்றது ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடமும், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளிடமும். நம் வீட்டுக் குழந்தைகளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கடைசி வரி முக்கியம்.

சராசரி ஏன் கரைந்தது என்பதைப் புரிந்துகொள்ள 1986-ல் பிலிப் காஃபும் வில்லியம் டன்மரும் சொன்ன ஒரு கணக்கு உதவும். சொல்லை ஒலித்துப் படிக்கும் திறனையும், மொழி புரியும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசிப்பு. கவனிங்க, கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்ஜியம் என்றால் விடையும் பூஜ்ஜியம். ஃபோனிக்ஸ் முதல் பாதியை மட்டுமே தரும். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகவே புரிந்துகொண்டார்கள். ‘சில்லி பாயின்ட்’டில் கேட்ச் என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். கிரிக்கெட் தெரியாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

இந்த இரண்டாவது பாதியில் ஹோல் லாங்குவேஜ் அணி சொன்னதில் நியாயம் நிறைய இருக்கிறது. கதை, சொல்வளம், படிக்கும் ஆசை எல்லாம் அவர்கள் ஏரியா. அமெரிக்காவில் தொண்ணூறுகளில் ‘பேலன்ஸ்டு லிட்டரசி’ என்ற பெயரில் இரண்டையும் சேர்த்தார்கள். ஆனால் சேர்த்த விதம்தான் சொதப்பல். கொஞ்சம் ஃபோனிக்ஸ் தூவிவிட்டு, சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார், வாக்கியத்துக்கு எது பொருந்தும் என்று யோசி என்ற பழைய ஊகத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஆய்வுகளோடு ஒத்துப்போகும் சேர்க்கை வேறு மாதிரி. குழந்தை தானே படிப்பது, கற்ற ஒலிகள் உள்ள எளிய புத்தகம். அதே நாளில் பெரியவர் வாசித்துக்காட்டி, நிறுத்தி நிறுத்திப் பேசுவது, குழந்தையால் இன்னும் படிக்க முடியாத செறிவான கதை. ஒரு சொல்லை அடையாளம் காண எழுத்து, அது கதையில் என்ன சொல்கிறது என்று அறியச் சூழல்.

உங்கள் குழந்தைக்கு எந்தப் பாதி குறைகிறது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு பத்தியைக் குழந்தை படிக்கட்டும், கையால் படத்தை மறைத்துக்கொள்ளுங்கள். பிறகு கதையைக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், அதே பத்தியை நீங்கள் வாசித்துக்காட்டி மறுபடி கேளுங்கள். இப்போது புரிந்துவிட்டால், தடை எழுத்தில் இருக்கிறது, ஃபோனிக்ஸ் உதவும். நீங்கள் வாசித்தும் புரியவில்லை என்றால் அந்த ஆங்கிலமே குழந்தைக்கு எட்டவில்லை. அங்கே இன்னொரு ஃபோனிக்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டி ஒன்றும் ஆகாது. பேச்சும் கதையும்தான் வேண்டும்.