மூச்சைக் கவனித்தலும் வெறுமனே அமர்தலும்: வேறுபாடு என்ன?

கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவி ஆமா சாமி 1996-ஆம் ஆண்டு நிறுவிய போதி சென்டோ தியான மையம் ஜென் மரபைச் சேர்ந்தது. அம்மரபில் 'ஷிகந்தாசா' எனும் பயிற்சி உண்டு. வெறுமனே அமர்தல் என்பது இதன் பொருள். 13-ஆம் நூற்றாண்டு ஜப்பானியத் துறவி டோகென் இதனை முதன்மைப்படுத்தினார்.

மூச்சைக் கவனிக்கும் தியானத்தில், மனம் சிதறினால் திரும்பி வர ஓரிடம் உண்டு. அது அடுத்த மூச்சு. வெறுமனே அமர்தலில் அத்தகைய இலக்கு எதுவும் இல்லை. முதுகை நிமிர்த்தி, கண்களைப் பாதி திறந்து அமர வேண்டும். ஒலியும் உடல் உணர்வும் எண்ணமும் வந்து போவதை அறிந்தால் போதும். அவற்றைத் தொடரவும் வேண்டாம், விலக்கவும் வேண்டாம்.

சான்றாக, வெளியே ஒரு வாகனம் செல்கிறது எனக் கொள்வோம். மூச்சைக் கவனிப்பவர் அவ்வொலியை விட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்புகிறார். வெறுமனே அமர்பவர் அதனைக் கேட்கிறார், அவ்வளவே. வந்தவர் யார் என மனம் கதை புனையத் தொடங்கினால், அதனை உணர்ந்த கணமே வளர்க்காமல் விடுகிறார்.

இலக்கு இல்லாததால், அரைத்தூக்கத்தைத் தியானம் என எண்ணிவிடும் வாய்ப்பு அதிகம். மடியில் மெல்லத் தொட்டிருக்கும் கட்டைவிரல் நுனிகள் அதனைக் காட்டிவிடும். மனம் மந்தமானால் அவை சரிந்து பிரியும். முனைப்பு மிகுந்தால் ஒன்றையொன்று அழுத்தும். எனவேதான் தொடக்கநிலையினருக்கு, மூச்சை ஒன்று முதல் பத்து வரை எண்ணும் பயிற்சி பெரும்பாலும் முதலில் தரப்படுகிறது.