சப்பாத்தி ஏன் உப்புகிறது, ஏன் உப்ப மறுக்கிறது

சப்பாத்தியை உப்ப வைப்பது மாவில் சேர்ந்த தண்ணீர்தான். ஒரு கிராம் தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு சப்பாத்தியில் 15 கிராம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. ஆகவே ஆவிக்குப் பஞ்சமே இல்லை. அதை உள்ளே அடைத்து வைப்பதில்தான் சிக்கல். மேலும் கீழும் மெல்லிய தோல் வெந்து இறுகியிருக்க வேண்டும், நடுவில் மாவு ஈரமாகவே இருக்க வேண்டும். அந்த நிலையில் பலமான சூடு பட்டால், ஆவி நடுவிலிருக்கும் ஈர மாவைப் பிளந்து இரு தோல்களையும் தனித்தனியே தள்ளிவிடும். ஊறும் நேரம், கல்லின் சூடு, திருப்பும் நேரம் எல்லாம் இந்த நிலையைக் கொண்டுவருவதற்குத்தான்.

250 கிராம் கோதுமை மாவு, தேவையான உப்பு, 160 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் பத்து உருண்டைகள் வரும். பிசைந்தவுடன் மாவு ஒன்றுசேர்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் தவிடு இன்னும் தண்ணீரை முழுதாகக் குடித்திருக்காது. பிசைந்ததில் முறுக்கேறிய பசைத்தன்மையும் தளர்ந்திருக்காது. உடனே தேய்த்தால் வட்டம் ரப்பர் போலச் சுருங்கும். அழுத்தித் தேய்த்தால் ஓரிடம் தடிக்கும், ஓரிடம் மெலியும். ஈரத்துணி போட்டு மூடி 20 முதல் 30 நிமிடம் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். ஊறிய மாவை விரலால் அழுத்தினால் குழி சட்டென்று எழும்பாமல் மெதுவாக மேலே வரும். தேய்க்கத் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். மணிக்கணக்கில் வெளியே வைப்பதில் பயனில்லை. நம் ஊர் வெயிலில் மாவு தளர்ந்து ஒட்டத் தொடங்கும், நிறமும் மங்கும். அதிக நேரம் வைக்க வேண்டுமானால் குளிர்சாதனப் பெட்டிதான் சரி.

தேய்க்கும்போது வட்டம் பிசகினால் பரவாயில்லை, கனம் பிசகக் கூடாது. இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, ஓரமும் நடுவும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதைவிட மெலிந்தால் அப்பளம் போல மொறுமொறுத்துவிடும். தோலில் ஒரு சின்ன மடிப்போ கீறலோ இருந்தாலும் ஆவி அந்த வழியே போய்விடும். தேய்த்த சப்பாத்திகளை மின்விசிறிக்கு அடியில் பரப்பி வைப்பதும் கெடுதல், மேல்பக்கம் காய்ந்து வெடிப்பு விடும்.

கல்லின் சூடு 200 முதல் 230 டிகிரி செல்சியசுக்குள் இருப்பது நல்லது. வெப்பமானி இல்லாத வீட்டில் ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் தூவிப் பார்க்கலாம். வெள்ளையாகவே கிடந்தால் சூடு போதாது. சில நொடிகளில் பொன்னிறமானால் சரி. போட்டவுடன் கருகிப் புகைந்தால் அடுப்பைத் தணிக்க வேண்டும். சூடு குறைந்த கல்லில் தோல் இறுகுவதற்குள் நடுவும் காய்ந்துவிடுவதால் சப்பாத்தி வறட்டியாகிறது. சூடு மிஞ்சினால் வெளியே கருகி, உள்ளே பச்சை மாவாக நிற்கும். பல வீடுகளில் முதல் சப்பாத்தி சொதப்புவதற்கு அவசரமே காரணம். கனமான இரும்புக் கல் காய நேரம் பிடிக்கும். காய்ந்தபின் சூட்டை விடாமல் வைத்திருக்கும்.

முதல் பக்கத்துக்கு 15 முதல் 20 நொடி போதும். மேல்பக்கத்தின் பச்சை நிறம் மங்கி, அங்கங்கே சிறு கொப்புளம் தெரிந்தவுடன் திருப்பிவிட வேண்டும். இங்கே தாமதிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் கல்லைத் தொட்ட பக்கம்தான் பிறகு நெருப்பைப் பார்த்து விரிய வேண்டிய பக்கம்; அதிகம் வெந்தால் விறைத்து, விரியாமல் கிழியும். இரண்டாம் பக்கத்துக்கு 30 முதல் 40 நொடி கொடுக்கலாம். அடியில் பரவலாகப் பழுப்புப் புள்ளிகள் விழ வேண்டும். பிறகு இடுக்கியால் எடுத்து, முதல் பக்கம் கீழே இருக்கும்படி நேராகத் தீயில் காட்டினால் ஐந்து முதல் பத்து நொடிக்குள் உப்பும். நெருப்பில்லாத மின்தூண்டல் அடுப்பில், கல்லிலேயே மறுபடி திருப்பிப் போட்டு, மடித்த துணியால் ஓரத்தை மெல்ல அழுத்தினால் ஆவி பக்கவாட்டில் நகர்ந்து நடுவைத் தூக்கும். உப்பிய சப்பாத்தியைக் கையால் தொடக் கூடாது, ஆவி பீறிட்டால் விரல் வெந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் உப்பி மறுபக்கம் தட்டையாக நின்றால் தேய்த்ததில் கனம் மாறியிருக்கிறது. உப்பத் தொடங்கி ‘புஸ்’ என்று இறங்கினால் எங்கோ ஓட்டை. எங்குமே எழும்பாமல் விறைத்துப் போனால் மாவு கெட்டியாகிவிட்டது அல்லது கல் காயவில்லை. அடுத்த உருண்டையைத் தேய்க்குமுன் கையை நனைத்து மாவை இரண்டு நிமிடம் பிசைந்து பார்த்தால் இரண்டில் எது என்பது தெரிந்துவிடும்.