சோற்றை நிறுத்து ஊசி போடுங்கள்

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடத் தொடங்குபவருக்கு மருத்துவர் ஒரு விகிதம் சொல்வார். 1:10 என்றால், 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். தட்டில் 150 கிராம் சோறு என்றால் 42. சாம்பாருக்கு 8 சேர்த்தால் 50. ஆக, 5 யூனிட்.

பலர் சறுக்குவது இங்கேதான். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது வேகாத அரிசியின் கணக்கு: 100 கிராமுக்கு ஏறக்குறைய 78. அதைச் சோற்றுக்குப் போட்டால் 12 யூனிட்டைத் தாண்டும். வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரை இழுத்துவிடும்.

விகிதம் பொருந்துகிறதா? சாப்பிடுமுன் 130 இருந்த சர்க்கரை, இடையில் எதுவும் தின்னாமல் நான்கு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் அதையொட்டியே இருந்தால் சரி. தொடர்ந்து ஏறியோ இறங்கியோ நின்றால், குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.