சேவா, ஷேரா, சென்டா?

பிளவுஸ் அளவெடுக்கும் முறையை எட்டுப் படங்களாக ஒரு தையல்காரர் இன்ஸ்டாகிராமில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பேர் பார்த்து, 90 பேர் சேவ் செய்து, பத்துப் பேர் மட்டும் பிறருக்கு அனுப்பினாலும் அது தோல்வியல்ல. துணி வெட்டும்போது எடுத்துப் பார்க்கத்தானே அந்தப் பதிவு! 4.5 சதவீத சேவ் போதும்.

அதே கடை, தீபாவளி ஆர்டருக்குக் கடைசித் தேதியை அறிவித்தால் கணக்கே வேறு. தேதி போனபின் சேவ் எதற்கு? அக்காவுக்கோ தோழிக்கோ எத்தனை பேர் தனியாக அனுப்பினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். புதியவர்களிடம் பதிவு போய்ச்சேர இந்த சென்டுக்குத் தனி எடை உண்டு என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே 2025இல் சொன்னார்.

ஸ்டோரியில் ஷேர் செய்வது, ‘நானும் இந்தக் கட்சி’ என்று ஊரறியச் சொல்வது. கருத்துப் பதிவுகளுக்கு அதுதான் அளவுகோல்.

ஒரு சிக்கல்: சேவ் எண்ணிக்கை முழுப் பதிவுக்கும் சேர்த்தே வருகிறது, எந்தப் படத்துக்காகச் செய்தார்கள் என்பதை அது சொல்லாது.