வெல்வெட் பிளவுஸை இஸ்திரி போடாதீர்கள்

ரிசப்ஷனுக்கென்று ஆசையாகத் தைத்த வெல்வெட் பிளவுஸை அடுத்த விசேஷத்துக்கு பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால், முதுகில் திட்டுத் திட்டாகப் பளபளப்பு இருக்கும். மடித்த இடத்தில் வெளுத்த கோடு விழுந்திருக்கும். கையில் போட்ட ஆரி வேலையிலிருந்து இரண்டு மணிகள் தொங்கும். உடுத்தியது ஒரே நாள்தான். இந்தச் சேதத்தில் பெரும்பகுதி அதன் பிறகு, துடைக்கும்போதும் தேய்க்கும்போதும் மடித்து வைக்கும்போதும் வருகிறது.

இப்படிப்பட்ட பிளவுஸில் மூன்று பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. வெல்வெட்டுக்கு நீராவி பிடிக்கும், அழுத்தம் ஆகாது. பிளாஸ்டிக் சமிக்கிக்குச் சூடு ஆகாது. கண்ணாடி மணிகளின் எடையைத் தாங்க ஆதாரம் வேண்டும். ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதலாகலாம். அதனால் எதைச் செய்தாலும் மூன்றில் எது அதைத் தாங்காதோ, அதைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

பளபளப்பு எப்படி வருகிறது?

வெல்வெட்டின் மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி நூல்நுனிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. ஒளி அவற்றின் இடையே இறங்கிவிடுவதால்தான் நிறம் அவ்வளவு ஆழமாகத் தெரிகிறது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாலோ, பீரோவில் மேலே கனத்த புடவைகளை அடுக்கினாலோ, காற்றில் சாய்ந்த நெற்பயிர்போல அந்த நுனிகள் படுத்துவிடுகின்றன. படுத்த நூல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நாம் பளபளப்பாகப் பார்ப்பது அதைத்தான்.

படுத்ததை நிமிர்த்த முடியுமா என்பது அது எப்படிப் படுத்தது என்பதைப் பொறுத்தது. வெறும் அழுத்தத்தால் படுத்தது பெரும்பாலும் எழுந்துவிடும். ஈரத்தோடு அழுந்தியது பாதிதான் எழும். சூடான இஸ்திரிப்பெட்டி நேராகப் பட்டு, பாலியெஸ்டர் நூல் இளகிப் படிந்துவிட்டால் எழவே எழாது. மென்மையான பிரஷால் எதிர்த்திசையில் தடவிப் பாருங்கள். நிறம் கொஞ்சமாவது மாறினால் நம்பிக்கை உண்டு. விரலுக்குக் கெட்டியாக, வழவழவென்று இருந்தால் அந்த இடம் போனது போனதுதான்.

முதுகு நசுங்கிய பிளவுஸ்

கரும்பச்சை வெல்வெட்டில், பின்கழுத்திலும் கைகளிலும் ஆரி வேலை செய்த ஒரு பிளவுஸை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்ததால் முதுகின் நடுப்பகுதி நசுங்கியிருக்கிறது.

முதலில் நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் லேசாகத் தடுக்கும். தடுக்கும் திசையில்தான் பிரஷ் போக வேண்டும். குழந்தைகளின் தலைவாரும் மென்பிரஷ் இதற்கு நன்றாக உதவும். பல நேரம் இதிலேயே பாதி சரியாகிவிடும்.

மீதிக்கு நீராவி. பிளவுஸை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி ஹேங்கரில் மாட்டுங்கள். ஸ்டீமரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நசுங்கிய இடத்துக்கு நான்கைந்து நொடி மட்டும் உள்பக்கத்திலிருந்து ஆவி காட்டுங்கள். ஆவி துணியை ஊடுருவி, படுத்த நூல்களை அடியிலிருந்து தளர்த்தும். உடனே முன்பக்கம் திருப்பி, எதிர்த்திசையில் பூப்போல பிரஷ் செய்து, மின்விசிறிக் காற்றில் ஆறவிடுங்கள். துணி சூடும் ஈரமுமாக இருக்கும்போது விரலால் அழுத்தினால் விரல்தடம் அப்படியே பதிந்துவிடும். ஆறும்வரை கைவைக்கக் கூடாது.

ஆரி வேலைக்கு அருகில் ஆவி போகவேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் சமிக்கி சூட்டில் சுருண்டு ஓரம் மடங்கும், அதை மீண்டும் தட்டையாக்க முடியாது. ஒட்டிய கற்களின் பசையும் இளகும். வேலைப்பாட்டை ஒட்டி நசுங்கியிருந்தால் பிரஷோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ஸ்டீமர் இல்லாதவர்கள், வெந்நீர் திறந்து ஆவி நிரம்பிய குளியலறையில் பிளவுஸைக் கால்மணி நேரம் தொங்கவிடலாம்.

சாம்பார் சிந்தினால்

சிந்தியதும் ஈரத்துணியால் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்வது. கறையைவிட அந்தத் தேய்ப்புதான் வெல்வெட்டைக் கெடுக்கிறது. முதலில் கரண்டி முனையால் மேலே நிற்பதை வழித்தெடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை ஒற்றி ஒற்றி ஈரத்தை வாங்குங்கள். எண்ணெய் இருந்தால் சோளமாவை மெல்லத் தூவி, அரைமணி நேரம் விட்டு, பிரஷால் எடுங்கள். சோளமாவை அழுத்திவிட்டால் கரும்பச்சையில் வெள்ளை தங்கிவிடும்.

பிறகும் கறை தெரிந்தால், பேபி ஷாம்புவை ஒரு கிண்ணம் தண்ணீரில் சில சொட்டு விட்டு நுரையடித்து, நுரையை மட்டும் துணியில் எடுத்துக் கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். துணி சோப்பு வேண்டாம். மஞ்சள்தூள் காரம் பட்டால் சிவந்துபோகும். நுரை போக, பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, அரை ஈரத்தில் பிரஷ் செய்து உலர்த்துங்கள். எதையும் முதலில் உள்தையலில் சோதித்துப் பார்ப்பது அவசியம். விஸ்கோஸ், பட்டு வெல்வெட்டுகளில் வெறும் தண்ணீரே வளையமாகத் தடம் விடும். அவற்றைச் சலவைக்காரரிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

டிரை கிளீனிங் என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. அதில் பயன்படும் கரைப்பான் சில சமிக்கிகளின் நிறப்பூச்சை உரித்துவிடும், சில பிளாஸ்டிக் மணிகளைக் கரைத்தும்விடும். உள்தையலில் ஒரு சமிக்கியைச் சோதிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, "இஸ்திரி போட வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

தொங்கும் நூலை இழுக்காதீர்கள்

ஆரி வேலை சங்கிலித் தையல். ஒரே நூல் கொக்கி ஊசியில் கண்ணி கண்ணியாக ஓடுகிறது. கடைசிக் கண்ணி அவிழ்ந்து, அந்த முனையை இழுத்தால் வரிசை முழுவதும் சரசரவென்று பிரிந்துவிடும். மணி தொங்கினால் நூலை வெட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது. முனையை ஊசியில் கோத்து உள்பக்கம் இறக்கி, லைனிங்கில் இரண்டு முடிச்சு போட்டால் அவிழ்வது அங்கேயே நிற்கும். உதிர்ந்த மணியைத் தனி நூலில், மெல்லிய ஊசியால் தைக்கலாம்.

பீரோவில் வைக்கும் விதம்

வியர்வை ஈரத்தோடு உள்ளே வைத்தால் ஜரிகை கறுக்கும். கழற்றியதும் உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் ஒரு இரவு காற்றாட விடுங்கள். மணிவேலை கனமாக உள்ளதை ஹேங்கரில் நிரந்தரமாகத் தொங்கவிட்டால் தோள் தையல் இழுபடும். அதைப் படுக்கவைக்க வேண்டும்.

கஞ்சி போடாத, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியை விரித்து அதன்மேல் பிளவுஸை வையுங்கள். கைகளுக்குள் பருத்தித் துணிச் சுருள் வைத்தால் மடிப்பு விழாது. சமிக்கி படும் இடத்துக்கும் வெல்வெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி இருக்கட்டும், இல்லையென்றால் அதன் அச்சு வெல்வெட்டில் பதியும். வேட்டியால் மூடி, அடுக்கின் உச்சியில் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளே அடைப்பதால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கும் என்பதால் அது சமிக்கியைத் தொடவே கூடாது.

தைக்கக் கொடுக்கும்போதே ஆரி வேலை செய்பவரிடம் மீந்த மணி, சமிக்கி, அதே நூல் கொஞ்சம் கேட்டு வாங்கி, அந்த வேட்டி முனையில் முடிந்து வையுங்கள். பிறகு கடைகடையாக அலைந்தாலும் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.